எல்லைப் பில்லருக்குத்தான் டை பீம் வேண்டும்

அஸ்திவாரக் குழியில் ஃபுட்டிங் போட்டு முடித்ததுமே, "எல்லாத்தையும் ஒரு டை பீம் போட்டுக் கட்டிடலாம் சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார் மேஸ்திரி. கெட்டியான மண்ணில், ஒன்றிரண்டு மாடி வீட்டுக்கு, நான்கு பக்கமும் இடம் விட்டுக் கட்டினால், மண்ணுக்கடியில் அந்தச் செலவு பெரும்பாலும் வீண். சுவரைத் தாங்கவும் பில்லர்களை இணைக்கவும் தரைமட்டத்துப் பிளிந்த் பீமே போதும்.

சிக்கல் எல்லையை ஒட்டி நிற்கும் பில்லரில்தான். பக்கத்து மனைக்குள் ஃபுட்டிங்கை நீட்ட முடியாது. அதனால் பில்லர் நடுவில் நிற்காமல் ஃபுட்டிங்கின் விளிம்பில் போய் நிற்கும்.

9 அங்குலப் பில்லர், 5 அடி அகல ஃபுட்டிங், மேலிருந்து வரும் பாரம் 20 டன் என்று வைத்துக்கொள்வோம். பில்லரின் மையம் ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து 25 அங்குலத்துக்கு மேல் விலகி நிற்கிறது. இந்த விலகல் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 10 அங்குலத்தைத் தாண்டினாலே உள்பக்க விளிம்பு மண்ணை அழுத்தாது. எல்லைப் பக்க மண் அளவுக்கு மீறி நசுங்கும். ஃபுட்டிங் சாயப் பார்க்கும், பில்லரும் வளையும்.

இதற்கு மருந்து, 12 அடி தள்ளி உள்ளே நிற்கும் பில்லரின் ஃபுட்டிங்கோடு இதை இணைக்கும் பீம். பொறியாளர்கள் ஸ்ட்ராப் பீம் என்பார்கள், சைட்டில் இதுவும் டை பீம்தான். எல்லைப் பில்லர் கீழே அழுத்த, உள்பில்லரின் பாரம் மறுமுனையைத் தூக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால் எல்லை ஃபுட்டிங்கின் கீழ் மண் தாங்க வேண்டியது 20 அல்ல, சுமார் 24.3 டன். ஃபுட்டிங்கின் பரப்பை இதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். உள் ஃபுட்டிங்கில் 4.3 டன் குறையும். அதைவிட நல்ல பாரம் அந்தப் பில்லரில் இருந்தால்தான் இந்த ஏற்பாடே நிற்கும்.

தவறு நடப்பது கம்பியில். இந்தப் பீம் நடுவில் மேல்நோக்கி வளைய முயலும், அதனால் முக்கியக் கம்பி மேலே வர வேண்டும். பழக்கத்தில் கீழே போட்டுவிடுகிறார்கள்! வழக்கமான 9-க்கு 12 அங்குலப் பீமும் போதாது. இந்தப் பாரத்துக்கு ஏறக்குறைய 2 அடி ஆழம் கேட்கும். இரண்டு ஃபுட்டிங்குக்கும் இடையில் பீமின் அடியை மண் தாங்கக் கூடாது என்பதால், அங்கே மண்ணைத் தளர்த்தி விடுவார்கள்.

வேறு இரண்டு இடங்களும் உண்டு. பெரும் நில அதிர்வு மண்டலங்களில், பாறைமேல் நேராக அமராத தனி ஃபுட்டிங்குகளை இணைத்தே ஆக வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1893 விதி. கரிசல் மண்ணிலோ பீமுக்கு அடியில் சுமார் 3 அங்குல இடைவெளி விடாவிட்டால், மழையில் உப்பும் மண் பீமையே தூக்கிவிடும்.

ஏரியை மேடாக்கிய மனைக்கு டை பீம் தீர்வாகாது. மெலிந்த பீமால் ஃபுட்டிங் இறங்குவதைத் தடுக்க முடியாது. அங்கே முதலில் மண் பரிசோதனைக்குப் பணம் செலவழியுங்கள்.