முதலில் அனுப்பிய படம் இன்னும் அதன் கண்ணில் இருக்கிறதா?

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து ஏ.ஐ. செயலியில் ஏற்றுகிறீர்கள். அரை நாள் பேசிய பிறகு, ‘முதல் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் எவ்வளவு?’ என்று கேட்டால், பதில் பளிச்சென்று வருகிறது. நம்பலாமா?

இந்தச் செயலிகள் படத்தையும் ‘டோக்கன்’ என்கிற துண்டுகளாகத்தான் கணக்கிடுகின்றன. ஒரு படமே பல நூறு டோக்கன்களை விழுங்கிவிடும். ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய டோக்கன்களுக்கு ஓர் எல்லை உண்டு. பேச்சு நீண்டு அதைத் தாண்டினால், பழைய பகுதியைக் கழற்றிவிடும் செயலிகள் உண்டு. சுருக்கம் மட்டும் எழுதி வைத்துக்கொள்பவையும் உண்டு. சுருக்கத்தில் படம் இருக்காது. உங்கள் திரையில் மட்டும் அது அப்படியே தெரியும். நாம் ஏமாறுவது இங்கேதான்.

சோதித்துப் பார்க்க, இதுவரை பேச்சில் வராத ஒன்றைக் கேளுங்கள். ரிப்போர்ட்டின் மூலையில் இருக்கும் ரத்தம் எடுத்த நேரம், உதாரணமாக. ஏற்கெனவே பேசிய கிரியேட்டினின் அளவைச் சரியாகச் சொல்லிவிட்டு நேரத்தில் மட்டும் மழுப்பினால், அது படத்தைப் பார்க்கவில்லை, பழைய பேச்சைத்தான் பார்க்கிறது என்று சந்தேகப்படலாம். கோபித்துப் பயனில்லை, படத்தை மறுபடி ஏற்றுங்கள். இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிட வேண்டுமா? புது உரையாடல் தொடங்கி, இரண்டையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். வரும் எண்களைக் கையில் உள்ள தாளோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.