சார்ட் சிக்னலுக்காகக் காத்திருக்கலாமா, எஸ்.ஐ.பி.யைத் தொடரலாமா?

‘மார்க்கெட் 200 நாள் சராசரிக்கு மேல வரட்டும், அப்புறம் போடலாம்’ என்பது சார்ட் பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்வது. மாதம் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் சம்பளக்காரருக்கு இது எப்படி வேலை செய்யும்? 2020-ஐப் பார்த்தால் தெரியும்.

அந்த பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 11,202. மார்ச் முடிவில் 8,598. பிறகு 9,860, 9,580, ஜூனில் 10,302. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 5,000 போட்டவருக்கு சராசரி விலை ஏறக்குறைய 9,830. குறைந்த விலையில் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைத்ததுதான் காரணம். இதைத்தான் அமெரிக்காவில் டாலர் காஸ்ட் ஆவரேஜிங் என்கிறார்கள்.

சிக்னலுக்காகக் காத்திருந்தவர்? நிஃப்டி அந்தக் கோட்டைத் தாண்டியது ஜூலையில், 11,000 அருகே. சேர்த்து வைத்த 25,000 ரூபாயை அப்போதுதான் போட்டிருப்பார். ஜூலை கடைசியில் நிஃப்டி 11,073. எஸ்.ஐ.பி. ஆளிடம் சுமார் 28,150 ரூபாய்; இவரிடம் 25,000-க்குக் கொஞ்சம் மேல். சராசரிக் கோடு பழைய விலைகளை வைத்தே போடப்படுவதால், சிக்னல் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

சார்ட் வீண் என்று அர்த்தமில்லை. 2008 மாதிரி நீண்ட சரிவில், பெரிய தொகை ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அந்தக் கோடு நஷ்டத்தைக் குறைத்திருக்கும். மாதா மாதம் சின்னத் தொகை போடுபவருக்கு அந்தப் பிரச்னை ஆரம்பத்தில் கிடையாது. ஆனால் போனஸ் மொத்தமாக வந்தால் கணக்கு மாறும்: ஏறுகிற மார்க்கெட்டில் அதைத் துண்டு துண்டாகப் போட்டால் சராசரி விலைதான் கூடும்.