முதல் நாள் அறிக்கையில் எதைச் சொல்வது, எதை விடுவது?

விற்பனைக்குப் போன பொருளைத் திரும்பப் பெற வேண்டிய நிலை வரும்போது, ஆலை உரிமையாளரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எப்படி நடந்தது?’ என்பதுதான். அன்றைக்கு அதற்கு நிச்சயமான பதில் அவரிடம் இருக்காது. அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்க முடியாது. பொருள் மக்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை தாங்கி நிற்பதற்காக உடனே வெளியிடும் சிறிய அறிக்கையைத் தொழில்துறையில் ‘ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்’ என்பார்கள்.

கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்துக்கு 2008 ஆகஸ்டில் இந்த நிலை வந்தது. டொரண்டோவில் இருந்த அதன் ஆலையில் செய்த, சமைத்துச் சீவிய இறைச்சியில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய கிருமி இது. சாப்பிட்டவருக்கு நோய் தென்பட 70 நாள்கூட ஆகலாம். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் ஆபத்தானது. ஆகஸ்ட் 17 அன்று இரண்டு பொருட்களைப் பற்றி எச்சரிக்கை வந்தது. சில நாட்களில் அது 23 பொருட்களானது. ஆலை மூடப்பட்டது. 23-ஆம் தேதி, நோயாளிகளிடமும் இறைச்சியிலும் இருந்தது ஒரே வகைக் கிருமி என்று ஆய்வகம் உறுதி செய்தது. மறுநாள், அந்த ஆலையிலிருந்து வந்த 200-க்கும் மேற்பட்ட பொருட்கள் அத்தனையையும் நிறுவனம் திரும்பப் பெற்றது.

ஒரே வாரத்தில் இரண்டு எங்கே, 200 எங்கே! முதல் நாளில் ஓர் உரிமையாளர், “இந்த இரண்டைத் தவிர மற்றவை பாதுகாப்பானவை” என்று சொல்லியிருந்தால், அதை நம்பிச் சாப்பிட்டவர்கள் கதி என்ன? ஊகம் கூடாது என்பது வழக்குக்குப் பயந்து வக்கீல் சொல்லும் யோசனை மட்டுமல்ல, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காரணத்துக்கும் இது பொருந்தும். ஆலையைப் பிரித்து ஆராய்ந்த பிறகே, இறைச்சியைச் சீவும் பெரிய இயந்திரங்களின் உட்பகுதியில், வழக்கமான கழுவல் எட்டாத இடத்தில் கிருமி தங்கியிருக்கலாம் என்று தெரிந்தது. வெளியே பளிச்சென்று இருந்த இயந்திரம் அது. முதல் நாளே யாராவது ஊழியர்மீதோ, இறைச்சி கொடுத்தவர்மீதோ பழி போட்டிருந்தால் அது அநியாயமாகியிருக்கும்.

23-ஆம் தேதி மாலை நிறுவனத் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் வீடியோவில் பேசினார். தங்கள் பொருளில் கிருமி இருந்ததையும், பொருளைத் திரும்பப் பெற்று ஆலையை மூடியதையும் சொன்னார். நோய்க்கும் மரணங்களுக்கும் தங்கள் பொருளோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவந்திருப்பதைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டார். உறவினரை இழந்த குடும்பங்களிடம் நேரடியாக வருத்தம் தெரிவித்து, மன்னிப்பும் கேட்டார். நெருக்கடியில் எப்படிப் பேசுவது என்பதற்கு இன்றும் இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதற்குத் தகுதியானதுதான்.

ஆனால் அதில் ஒரு வாக்கியம் இருந்திருக்கக் கூடாது என்பது என் முடிவு. சட்டம் கேட்பதைவிட உயர்ந்த தரத்தைத் தாங்கள் கடைப்பிடிப்பதாக அவர் சொன்னார். அந்த ஆலையின் சோதனைகளில் முன்பே லிஸ்டீரியா பலமுறை தென்பட்டதையும், அந்த முடிவுகளைச் சேர்த்துவைத்து யாரும் ஆராயவில்லை என்பதையும் 2009-இல் வந்த சுயேச்சையான விசாரணை அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. சரிபார்க்காத தற்பெருமையும் ஊகம்தான்.

இதே நிலையில் இருக்கும் ஓர் உரிமையாளர் இப்படி எழுதலாம்:

“எங்கள் ஆலையில் செய்த இந்த இறைச்சியில், இந்த பேட்ச் எண் கொண்ட பாக்கெட்டுகளில் லிஸ்டீரியா இருப்பதை ஆய்வகம் உறுதி செய்துள்ளது. தயவுசெய்து சாப்பிடாதீர்கள். பேட்ச் எண் தெரியாவிட்டாலும் தூக்கி எறிந்துவிடுங்கள், ரசீது இல்லாமலே பணம் தருகிறோம். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் முதியோரும், காய்ச்சலோ உடல்வலியோ இருந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நோயுற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் நினைத்து வருந்துகிறோம். உற்பத்தியை நிறுத்திவிட்டோம். கிருமி எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. மற்றப் பொருட்களையும் சோதித்து வருகிறோம். நாளை மாலை 5 மணிக்கு, புதிய தகவல் இல்லாவிட்டாலும், மீண்டும் பேசுவோம்.”

கடைசி வாக்கியத்தில் சொன்ன நேரத்தைத் தவறவிடக் கூடாது. தவறினால் அந்த இடைவெளியை வதந்தி நிரப்பிவிடும்.

அந்தக் கோடையில் கனடாவில் 57 பேருக்கு நோய் உறுதியானது. 22 பேர் இறந்தார்கள். உணவுப் பொருள் தயாரிப்பவர்கள், பேட்ச் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, இப்படியோர் அறிக்கையை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.