பாட்டியைத் திருப்பிப் போட்ட அட்டை

கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் குடும்பக் கதையை 160 பக்கத்தில் எழுதிச் சொந்தச் செலவில் அச்சுக்குக் கொடுத்தார். அட்டைக்காக வீட்டில் இருந்தது ஒரே படம்தான். 1958இல் ஸ்டூடியோவில் எடுத்த அதில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தாத்தா நிற்கிறார், பின்னால் தூண்கள் வரைந்த திரைச்சீலை. அதைப் பார்த்து ஓர் ஓவியர் நீர்வண்ணத்தில் வரைந்து தந்தார். மாதிரி அட்டை வீட்டுக்கு வந்ததும், எண்பதைத் தாண்டிய சித்தி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: “அம்மாவுக்கு ஏண்டி மாராப்பு வலது தோள்ல கிடக்கு?”

தலைப்புக்கு இடது பக்கத்தில் இடம் வேண்டுமென்று அட்டை வடிவமைப்பவர் படத்தை அப்படியே திருப்பிவிட்டிருந்தார். கணினியில் அது ஒரே சொடுக்கு. மாராப்பு மட்டுமா? மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது. தாத்தாவின் சட்டைப் பை வலது மார்புக்குப் போயிருந்தது, கைக்கடிகாரம் வலக்கைக்கு. வெளியாள் இதைக் கவனிக்க மாட்டார். ஆனால் குடும்பக் கதையை முதலில் வாங்கிப் படிப்பது குடும்பம்தானே.

இடத்தை வேறு வழியில் உண்டாக்கலாம். டெமி அளவு அட்டையின் முன்பக்கம் ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். பழைய ஸ்டூடியோ படங்கள் பலவற்றில் தலைக்கு மேல் விரல் அகலத்துக்கு மேல் இடம் இருக்காது. அந்தப் படத்தை அட்டை முழுக்கப் பெரிதாக்கினால் தலைப்பு பாட்டியின் நெற்றியில்தான் விழும். அதனால் உருவங்களைப் பெரிதாக்காமல் கீழ் ஐந்து அங்குலத்துக்குள் அடக்கி, மேலே மூன்றரை அங்குலத்தைக் காலியாக விட வேண்டும். அந்த இடத்தை நிரப்பப் புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. திரைச்சீலையையே மேல்நோக்கி நீட்டி, தூண்களை மெல்ல மெல்ல மங்கவிட்டு, கடைசியில் ஒரே நிறமாக முடித்துவிடலாம். பக்கவாட்டுக் குறையைத் தரையும் திரையும் ஈடுகட்டும். ஆசிரியையின் அட்டை இரண்டாம் முறை இப்படித்தான் வரையப்பட்டது.

தலைப்பின் உண்மையான எழுத்துகளைப் பென்சில் கோட்டோவியத்தின் மேலேயே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தமிழ் எழுத்து அகலத்தை விழுங்கும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் வருவதால் இரண்டு வரித் தலைப்பென்றால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். தலைப்பை ஓவியத்துக்குள் வரையாமல் தனி லேயராக வைத்தால், கடைசி நேரத்தில் தலைப்பு மாறினாலும் படம் தப்பும். அட்டையைச் சொந்த அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று படிக்க வேண்டும். தலைப்பைப் படிக்கத் தடுமாறினால் பின்னணியில் இன்னும் வேலை பாக்கி.

ஓவியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது. சுருங்கி வரும் அந்தக் கோப்பில் கண்ணும் உதடும் கரைந்துவிடும், மிச்சத்தை ஓவியர் ஊகித்து வரைவார். மூலப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது; முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டியதுதான்.

திருப்புவதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: ‘அழகாக்குவது’. கறுத்த தாத்தா மாநிறமாகிவிடுகிறார். வெறுங்கழுத்துப் பாட்டிக்குக் காசுமாலை ஏறுகிறது. அட்டை என்பது அலங்காரம், ஆவணமில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகள் நாளை நினைவில் வைத்துக்கொள்ளப் போவது அட்டை முகத்தைத்தான். மூலப்படமோ ஏதோ ஒரு பீரோவில் பூச்சி அரிக்கும்.

நிறத்திலும் இதே ஆபத்து. கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர்ந்து தெரியும் புடவை கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அந்தக் காலப் பிலிம்களில் ஒரு வகை சிவப்பை உணராது. குங்குமச் சிவப்பும் கறுத்தே விழும். ஆசிரியையின் பாட்டி உடுத்திருந்த அரக்குப் புடவை இன்னும் பெட்டியில் இருந்ததால் அந்த ஒரு நிறம் உறுதியாயிற்று. மற்றதையெல்லாம் ஓவியர் பழுப்புச் சாயலிலேயே விட்டுவிட்டார். பெட்டியில் புடவை இல்லாத வீடுகளில் முழுப்படத்தையும் அப்படி விடுவதே சரி.

அச்சகத்துக்குப் போகுமுன் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியைக் கூடுதலாக நீட்டினார்கள், வெட்டும்போது வெள்ளைக்கோடு விழாதிருக்க. முதுகு 8 மில்லிமீட்டர். அதில் தலைப்பு மட்டும். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், அட்டை எந்த ஆண்டுப் படத்தைப் பார்த்து வரையப்பட்டது, இருப்பவர்கள் யார் யார், மேலே நீட்டிய திரை ஓவியர் சேர்த்தது என்று மூன்று வரி சேர்த்தார் ஆசிரியை. உள்ளே, ஒன்பதாம் பக்கத்தில், ஒட்டோ திருத்தமோ செய்யாத மூலப்படம் முழுப்பக்கத்துக்கு அச்சாகியிருக்கிறது.