காலை எட்டு மணிக்கு ஒரு இரவு

சி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தாம்பரத்தில் இறக்கிவிடும்போது மணி 7. ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையில் இரவு 10 முதல் காலை 6 வரை நின்றபடி வேலை பார்த்த 34 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் பால் வாங்குகிறார், மகளைப் பள்ளியில் விடுகிறார், டீ குடித்துக்கொண்டே செல்போன் பார்க்கிறார். பத்தரைக்குப் படுத்தால் ஒரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்து அழைப்பு மணி அடிக்கிறது. அத்தோடு தூக்கம் போயிற்று.

அவர் தோற்றது சிலிண்டரிடம் அல்ல, பத்தரை மணியிடம். மூளைக்குள் ஒரு கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. விடிந்ததும் அது உடல் சூட்டை மெல்ல ஏற்றி, விழித்திரு என்கிறது. முற்பகலில் எவ்வளவு தாமதமாகப் படுக்கிறோமோ, தூக்கம் அவ்வளவு சீக்கிரம் கலையும்.

எட்டு மணிக்குள் படுக்கை

பஸ் ஏறியதும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லது. காலை வெயில் கண்ணில் படப்படக் கடிகாரம் பகலுக்குத் திரும்பிவிடும். பைக்கில் வருகிறவர்களுக்கு இது கூடாது, கண் சொக்கும். கடந்து வந்த சிக்னல் நினைவில் இல்லையென்றால், ஓட்டும்போதே சில நொடி தூங்கியிருக்கலாம். அப்படி ஒரு முறை நடந்தாலும் வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வீட்டில் இரண்டு இட்லி, மகளோடு பத்து நிமிடம், குளியல், எட்டு மணிக்குப் படுக்கை. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு சார்ட் ஒட்டினால் அறை உண்மையிலேயே இருட்டாகும். கையை நீட்டிப் பார்த்தால் விரல்கள் தெரியக்கூடாது, அதுதான் அளவு. மின்விசிறி இரைச்சல் தெருச்சத்தத்தை மறைக்கும். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்துவிட்டு, சிலிண்டர், கொரியர் எல்லாவற்றுக்கும் மனைவியின் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

மாலையில் இன்னொரு தூக்கம்

இத்தனை செய்தும் ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பகல் தூக்கம் பெரும்பாலும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டாது. அதோடு மல்லுக்கட்டாமல் மீதியை மாலையில் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்: 6 மணி முதல் 7:30 வரை. ஏழு மணிக்கு மேல் படுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் தூக்கம் வருவது கடினம். வழக்கமாக இரவில் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடல் நன்றாக விழித்திருக்கும். மாலையில் எடுத்த இந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம் அதிகாலை நான்கு மணிக்கு, உடல் சூடு மிகவும் இறங்கும் வேளையில், இயந்திரத்தின் முன் கை கொடுக்கும்.

இடையில் கிடைக்கும் பகல் முழுக்க வீட்டாருடையது. ஒன்றரைக்கு மனைவியோடு சாப்பாடு. நான்கு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தால் ஆறு வரை வீட்டுப்பாடமும் விளையாட்டும். மதிய ஷிப்ட்காரருக்கு இந்த நேரம் கிடைக்காது.

நள்ளிரவுச் சோறு

ஒரு மணிக்கு கேன்டீனில் சாம்பார் சாதம் தட்டு நிறைய வருகிறது. பகலில் அதே அளவு சாப்பிட்டால் ஏறுவதைவிட இரவில் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், ஏனென்றால் இரவில் இன்சுலின் மந்தமாகவே வேலை செய்கிறது. 2021இல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை போலவே விழித்திருக்கச் செய்து பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டும் வழியைப் பின்பற்றுவது சுலபம்.

ஆகவே முழுச் சாப்பாடு மதியம். இரவுச் சாப்பாடு 7:45க்கு வீட்டாரோடு, சப்பாத்தியோ சோறோ. ஆலையில் பசித்தால் ஒரு கைப்பிடி சுண்டல் அல்லது மோர் போதும். டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கடைசி டீ இரவு 2 மணிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் மாறினால் மருந்து நேரமும் மாற வேண்டும், இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஷிப்ட் நேரத்தை மருத்துவரிடம் எழுதிக் காட்டிவிட்டே மாற்ற வேண்டும்.

ஞாயிறு காலை

வாரா வாரம் ஷிப்ட் மாறும் ஆலைகளில் கடைசி இரவுதான் சிக்கல். ஞாயிறு காலை வந்து மாலை வரை தூங்கினால் அன்றிரவு கொட்டக் கொட்ட விழித்திருந்து, திங்கள் ஏ ஷிப்டுக்குத் தள்ளாடிப் போக வேண்டும். அதற்குப் பதில் எட்டு மணிக்குப் படுத்து பத்தரைக்கே எழுந்துவிடலாம். அன்று மட்டும் வண்டி ஓட்ட வேண்டாம். மதியம் வெளிச்சத்தில் நடமாடி, மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், இரவு எட்டரைக்குப் படுத்தால் திங்கள் அதிகாலை நாலரைக்கு எழ முடியும்.