களைக்கொல்லி அடித்த தெளிப்பான் பருத்திக்கு ஆகாது

சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகள் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி மூன்றையும் ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். முதலிரண்டும் பூச்சியையும் நோய்ப் பூஞ்சாணத்தையும் அழிப்பவை. களைக்கொல்லியோ செடியையே அழிப்பது. டப்பாவிலுள்ள வண்ண முக்கோணம் நஞ்சின் கடுமையைத்தான் காட்டும்; இன்ன வகை மருந்து என்பதைக் காட்டாது.

மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி தெளிக்கப்படுகிறது. புல்லினப் பயிரான மக்காச்சோளம் அதைத் தாங்கும். அகன்ற இலைப் பயிரான பருத்தி தாங்காது. அதே தெளிப்பானில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடித்தால், குழாயில் தங்கிய மிச்சமே கேடு செய்யப் போதும். சில நாட்களில் புதுத் துளிர்கள் வெண்டை இலைபோல் குறுகிப் பிளந்து, நரம்புகள் நெருங்கிக் காணப்படும். முன்பே விரிந்த இலைகள் பெரும்பாலும் மாறுவதில்லை. தத்துப்பூச்சி தாக்கியிருந்தால் இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகிச் சிவக்கும். இலையடியில் பூச்சியும் இருக்கும். துளிர்க் கோளாறை நோயென்று எண்ணிப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பது வீண்செலவு.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. பாதிப்பு குறைவானால் சில வாரங்களில் நல்ல துளிர் வரும். அதுவரை வழக்கம்போல் நீரும் உரமும் கொடுத்து வரவேண்டும். ஆனால் காய்ப்பு பிந்தும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நலம். இயலாதவர்கள் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, முனை வழியாகச் சிறிது பீய்ச்சி, ஓர் இரவு வைத்திருந்து, பின் மூன்று முறை நல்ல நீரால் கழுவவேண்டும். கழுவிய நீரை வாய்க்காலில் விடலாகாது. அப்படிக் கழுவிய தெளிப்பானையும் பருத்திக்குத் தவிர்ப்பதே பாதுகாப்பு.