வெட்டு தெரியாத பேட்டி

நெசவாளர் ஒருவரைத் தறியருகே உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறீர்கள். "பழைய பாவு நுனியில புதுப் பாவை..." என்று ஆரம்பிக்கிறார். செல்போன் அடிக்கிறது. எடுத்துப் பேசிவிட்டு, "ஒவ்வொரு இழையா பிணைக்கணும்" என்று முடிக்கிறார். போன் பேச்சை வெட்டிவிட்டால் வாக்கியம் ஒட்டிக்கொள்ளும், படம்தான் ஒட்டாது. சாய்ந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்திருக்கும், மடியில் இருந்த கை தோள் துண்டுக்குப் போயிருக்கும். இதுதான் ஜம்ப் கட்.

அந்த இடத்தில் முகத்துக்குப் பதிலாக, இழை பிணைக்கும் விரல்களைக் காட்டினால் துள்ளல் மறைந்துவிடும். குரல் நிற்காமல் ஓடுகிறது. மறுபடி முகம் வரும்போது தலை முன்பு எங்கே இருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. இப்படி இடையில் வரும் காட்சிக்கு கட்அவே என்று பெயர்.

எடிட்டிங் டைம்லைனில் பேச்சு கீழ் வரிசையில் இருக்க, விரல் ஷாட்டை மேல் வரிசையில் வையுங்கள். பலர் அதைச் சரியாக வெட்டு விழுந்த ஃப்ரேமிலேயே தொடங்குவார்கள். குரலும் படமும் ஒரே நொடியில் மாறுவதால், மறைக்க நினைத்த இடமே கண்ணில் படும். ஒரு விநாடி முன்பே, "புதுப் பாவை" என்ற சொல் காதில் விழும்போதே விரல்கள் வரட்டும். வெட்டைத் தாண்டி வாக்கியம் முடிந்தபிறகு முகத்துக்குத் திரும்பலாம். மூன்று நான்கு விநாடி போதும். அருகருகே இரண்டு வெட்டுகள் இருந்தால் நடுவில் முகத்தை அரை விநாடி காட்டாதீர்கள். மின்னி மறைவதுபோல் இருக்கும். இரண்டையும் சேர்த்தே மூடிவிடுங்கள்.

குரலில் உள்ள வெட்டை எந்தப் படமும் மூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். 'டிக்' என்ற சத்தம் கேட்டால் இரண்டு மூன்று ஃப்ரேம் அளவுக்கு ஒலியை ஒன்றில் ஒன்றாகக் கரைத்தால் சரியாகிவிடும். மின்விசிறி இரைச்சல் திடீரென்று மாறினால், யாரும் பேசாத வெறும் அறைச் சத்தத்தை அடியில் ஓடவிட வேண்டும். பேட்டி அன்றே அதை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது நல்லது.

கட்அவே ஷாட்களைப் பேட்டி முடிந்தபிறகு எடுப்பதே எனக்குப் பிடிக்கும். அவர் எதையெல்லாம் சொன்னார் என்பது அப்போதுதான் தெரியும். இழை, நாடா, மிதி என்று அவர் சொன்னவற்றை, கேமராவை அசைக்காமல் பத்துப் பத்து விநாடியாவது எடுங்கள். சம்பந்தமில்லாத பூந்தொட்டியைக் காட்டினால் ஏதோ மறைக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

உண்மையிலேயே மறைக்கவும் இதனால் முடியும். அதுதான் இதில் எனக்குள்ள பயம். "மூணு மாசமா கூலி வரலை, போன வாரம்தான் மொத்தமா குடுத்தாங்க" என்றவரின் பின்பாதியை வெட்டி, மேலே தறியைக் காட்டினால் ஒருவருக்கும் தெரியாது. ஜம்ப் கட்டிலாவது ஏதோ போயிருக்கிறது என்று தெரியும். கூலி, கடன், குற்றச்சாட்டு போன்ற பேச்சு வரும் இடங்களில் நான் முகத்தை விட்டு நகர்வதில்லை. வெட்டியே ஆகவேண்டுமென்றால் துள்ளலை அப்படியே விட்டுவிடுவேன்.